ஏரிக்கரையில் கிராஸ் கன்ட்ரி: முதன்முறை நடத்தும் ஆசிரியருக்கு

நான் முதன்முதலில் நடத்திய கிராஸ் கன்ட்ரியில் ஒரு பையன் தொலைந்துபோனான். ஏழாம் வகுப்பு. பரிசெல்லாம் கொடுத்து முடித்து, நாற்காலிகளை அடுக்கும்போதுதான் அவன் அம்மா வந்து "எங்க சார் என் புள்ள?" என்று கேட்டார். ஏரிக்கரை முழுக்கத் தேடினோம். மதகுக்குள் கூட டார்ச் அடித்துப் பார்த்தோம். கடைசியில் பக்கத்துத் தெருவில் பாட்டி வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கியதாம், பாதை பாட்டி வீட்டு வழியாகப் போனதாம், அப்படியே உள்ளே போய்விட்டானாம். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மைதானத்தில் நடக்கும் 1,500 மீட்டர் ஓட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே எல்லாப் பிள்ளைகளும் எந்நேரமும் நம் கண்ணில் இருப்பார்கள். இங்கே முதல் வளைவு திரும்பியதும் மறைந்துவிடுவார்கள். பாதைக் குறியீடு, வழிநெடுகக் காவல் நிற்கும் மார்ஷல், தண்ணீர், முதலுதவி எல்லாமே அந்த மறைந்த பிள்ளை யாராவது ஒருவர் கண்ணில் இருக்கச் செய்யும் ஏற்பாடுகள்தான்.

ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஊர்ப்புறத்து மேல்நிலைப் பள்ளி. ஓடுபவர்கள் 180 பேர். பள்ளியை ஒட்டி ஒரு மந்தைவெளி, அதற்கப்பால் ஏரிக்கரை. மாதம் ஜனவரி, பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கரை வழுக்கும், ஏரியும் நிரம்பியிருக்கும். மார்ச் வந்தால் வெயில், கூடவே தேர்வு. அதனால் ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி வரைதான் நமக்கு வசதியான காலம்.

நான்கு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் நான்கு கிலோமீட்டர் நீளப் பாதை போடாதீர்கள். இரண்டு கிலோமீட்டரில் ஒரு சுற்று போட்டு இரண்டு முறை ஓட விடுங்கள். சர்வதேசப் போட்டிகளிலேயே 1,500 முதல் 2,000 மீட்டர் வரையான சுற்றாகத்தான் பாதை அமைக்கிறார்கள். நமக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாதை பாதியானால் காவலுக்கு வேண்டிய ஆளும் பாதி.

புறப்படும் இடம் அகலமாக இருக்க வேண்டும். 50 பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாய்வார்கள். மூன்று மீட்டர் அகலக் கரையில் அவர்களை நிறுத்தினால் முதல் பத்து அடியிலேயே இரண்டு பேர் விழுவார்கள், பத்துப் பேர் அவர்கள் மேல் விழுவார்கள். அதனால் மந்தைவெளியில் 30 மீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டு, குறைந்தது 300 மீட்டர் திறந்த வெளியில் ஓடிய பிறகே கரையில் ஏறும்படி வையுங்கள். அதற்குள் கூட்டம் தானாக நீண்டுவிடும்.

அளப்பதற்குச் செல்போன் போதும் என்று நினைக்க வேண்டாம். மரத்தடியில் அது தடுமாறும், வளைவுகளில் வழியைக் குறுக்கிக் காட்டும். சைக்கிள் சக்கரம் நம்பகமானது. முன் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, மைதானத்தில் நாடா வைத்து அளந்த 100 மீட்டரில் உருட்டி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். என் சைக்கிளுக்கு 45 அரை வந்தது. ஆக 2 கிலோமீட்டருக்கு 910 சுற்று. எண்ணுவது அலுப்பான வேலைதான். ஒரு மாணவனை உடன் அழைத்துப்போய் நூறு நூறாகக் குறித்துக்கொள்ளச் சொன்னால் முடிந்துவிடும்.

அளந்த கையோடு பாதையை இன்னொரு முறை, வெறும் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடங்கள். நம் பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். சீமைக் கருவேல முள் ஷூ அடிப்பாகத்தையே துளைக்கும், வெறுங்கால் எம்மாத்திரம்? கிளைகளை வெட்டிப் போட்ட இடம்தான் மோசம், காய்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நெருஞ்சி இருந்தால் மண்வெட்டியால் செதுக்கிவிடுங்கள். அறுவடை முடிந்த வயல் பார்க்க அழகாகத் திறந்து கிடக்கும், ஆனால் அரிதாள் பாதத்தைக் கிழித்துவிடும். வயல் வேண்டாம். பனைமரங்களை அண்ணாந்து பாருங்கள். கதண்டுக் கூடு தெரிந்தால் பாதையை மாற்றிவிடுங்கள். கூட்டைக் கலைக்கிறேன் என்று இறங்க வேண்டாம்.

தண்ணீர் இருக்கும் ஏரி என்றால் கரையின் உச்சியில் ஓட விடுவதைவிட வெளிப்புறச் சரிவின் அடியில் இருக்கும் வண்டிப்பாதையில் விடுவது நல்லது. மதகும் கலங்கலும் வரும் இடத்தில் ஆள் கட்டாயம். அந்த ஆள் கையில் ஒரு கயிறும், அதன் முனையில் மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேனும் இருக்கட்டும். யாராவது விழுந்தால் நாம் குதிப்பதைவிடக் கேனை எறிவதுதான் முதல் வேலை.

கடிதங்கள்

இதை ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒன்று. ஏரி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பாதை ஒரு தார்ச்சாலையைக் கடந்தால் காவல் நிலையத்தில் ஒரு காவலரைக் கேளுங்கள். கொடுக்க முடியாது என்றால் சாலையைக் கடக்காத பாதையாக மாற்றிவிடுங்கள். ஆசிரியர் கைகாட்டினால் மணல் லாரி நிற்கும் என்று நம்பக் கூடாது.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கினால் பயனில்லை. நான்கு கேள்விகள் இருக்க வேண்டும். ஆஸ்துமா உண்டா? வலிப்பு வந்ததுண்டா? ஓடும்போது மயங்கி விழுந்ததோ நெஞ்சு வலித்ததோ உண்டா? குடும்பத்தில் யாராவது இள வயதில் திடீரென இறந்திருக்கிறார்களா? கடைசி இரண்டில் எதற்காவது ஆம் என்று வந்தால், மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் அந்தப் பிள்ளையை ஓட விடாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரைக் கையோடு கொண்டுவரட்டும், பையில் வைத்துவிட்டு ஓட வேண்டாம்.

குறியீடு

இதை முந்தின நாள் மாலை பாதியும் அன்று விடியற்காலை மீதியுமாகச் செய்ய வேண்டும். சவுக்குக் குச்சிகளை மாலையிலேயே நட்டுவிடலாம். தோரணத்தையும் துணியையும் காலையில்தான் கட்ட வேண்டும். இரவு கட்டினால் பாதியை ஆடு தின்றிருக்கும், மீதி யார் வீட்டுக் கொடியிலாவது தொங்கும்.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் வெள்ளை என்பது கிராஸ் கன்ட்ரியின் பழைய வழக்கம். கொடிகளுக்கு நடுவே ஓட வேண்டும், அவ்வளவுதான். இதை ஒரு வாரம் முன்பே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். நேரான பாதையில் 50 மீட்டருக்கு ஒரு ஜோடி போதும். திருப்பங்களில்தான் கஞ்சத்தனம் கூடாது. திருப்பத்துக்குப் பத்து மீட்டர் முன்பு ஒரு அம்பு, திருப்பத்திலேயே ஒன்று, திரும்பி இருபது மீட்டர் போனதும் "சரியாகத்தான் வந்திருக்கிறாய்" என்று சொல்வதுபோல ஒரு கொடி. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லையென்றால் தனியாக ஓடும் பிள்ளைக்குச் சந்தேகம் வந்து திரும்பி வந்துவிடும். அப்புறம், போகக் கூடாத வழியை அடைத்துவிடுங்கள். குறுக்கே ஒரு சணல் கயிறும் இரண்டு துணித் துண்டும் போதும்.

தரையில் கோடு போடச் சுட்ட சுண்ணாம்புத் தூளை எடுக்காதீர்கள். பனி ஈரத்தில் பட்டால் வெறுங்காலைச் சுடும், கண்ணில் விழுந்தால் இன்னும் மோசம். கல்மாவுக் கோலப்பொடி அப்படிச் சுடாது. செம்மண்ணில் வெள்ளை பளிச்சென்று தெரியும், மணல் பகுதியில் தெரியாது. அங்கே காவிப்பொடி தூவுங்கள்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை. பாதையை ஒருமுறைகூடப் பார்க்காத ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, "கொடியைப் பார்த்து ஓடிப் போய் வா" என்று அனுப்புங்கள். பின்னால் சற்றுத் தள்ளி நீங்கள் சைக்கிளில் போங்கள், வாயே திறக்காதீர்கள். அந்தப் பிள்ளை எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு கொடி குறைவு. குறியிட்டவருக்குப் பாதை தலைகீழ்ப் பாடம், அவர் கண்ணுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

மார்ஷல்கள்

எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு மார்ஷலுக்கு அடுத்த மார்ஷல் தெரிய வேண்டும், அல்லது அவர் கண் எட்டும் இடத்தில் அடுத்தவரின் எல்லை தொடங்க வேண்டும். எங்கள் 2 கிலோமீட்டர் சுற்றுக்கு ஒன்பது இடங்கள் வந்தன. ஒவ்வொரு இடத்திலும் இருவர், ஒரு பெரியவரும் ஒரு மூத்த மாணவரும். ஏன் இருவர் என்றால், பிள்ளை விழுந்தால் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், ஒருவர் ஓட வேண்டும். என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி., சாரணர் பிள்ளைகள் இந்த வேலைக்குச் சரியாக இருப்பார்கள். பெரியவர்களுக்கு ஆசிரியர்கள் போதாவிட்டால் முன்னாள் மாணவர்களையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரையும் கேளுங்கள்.

ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் எழுதிய அட்டையை ஒவ்வொரு இடத்திலும் உயரமாகக் கட்டுங்கள். "அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்துல சார்" என்று போன் வந்தால் எந்தப் புளியமரம் என்று யோசிக்கவே இரண்டு நிமிடம் போகும். "ஆறாம் நம்பர்" என்றால் உடனே புரியும். கரையின் பின்புறம் சிக்னல் கிடைக்காத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். முந்தின நாளே நடந்து பார்த்து, அங்கே நிற்பவருக்கு விசில் கொடுத்துவிடுங்கள். மூன்று குறும் விசில் என்றால் உதவி வேண்டும் என்று பொருள், பக்கத்து மார்ஷல் அதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். அதனால் ஓட்டத்தைத் தொடங்கி வைக்க விசில் ஊதாதீர்கள், கிளாப்பர் அடியுங்கள்.

மார்ஷலுக்குச் சொல்ல வேண்டியவை நான்கு. உட்காராதே, போன் பார்க்காதே. உன் இடத்தில் ஓட்டத்தை விடும் பிள்ளையை உன்னோடு நிறுத்திக்கொள், தனியாக வீட்டுக்கோ பள்ளிக்கோ அனுப்பாதே. நாய் வந்தால் கல்லெறியாதே, ஓடுபவர்களை நடக்கச் சொல். வால் சைக்கிள் உன்னைக் கடந்து, "முடிந்தது" என்று சொல்லும்வரை நகராதே.

வால் சைக்கிள் என்றால், ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் வரும் ஆசிரியர். அவருக்குப் பின்னால் ஓட்டக்காரர் யாரும் இருக்கக் கூடாது. அவசரப்படுத்தாத, பேச்சுத் துணையாக வருகிற ஆளைப் போடுங்கள்.

நேரமும் எண்ணிக்கையும்

ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடுகிறது. அதனால் முதல் ஓட்டம் 6.45. நீண்ட ஓட்டம் குளிர்ந்த நேரத்தில், குட்டி ஓட்டம் பின்னால் என்பது எங்கள் வரிசை. மேல்வகுப்பு மாணவர் 40 பேர், 4 கிலோமீட்டர், 6.45க்கு. மேல்வகுப்பு மாணவியர் 35 பேர், அதே தூரம், 7.20க்கு. ஆறு முதல் எட்டு வரை உள்ள சிறுமியர் 50 பேர், 2 கிலோமீட்டர், 8.00 மணிக்கு. சிறுவர் 55 பேர், 8.25க்கு. ஒன்பதுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டு சுற்று ஓடுபவர்களில் வேகமானவர்களும் மெதுவானவர்களும் கலந்துவிடுவார்கள். யார் முதல் சுற்றில் இருக்கிறார், யார் இரண்டாவதில் என்று தகராறு வரும். முதல் சுற்று முடிக்கும்போது கையில் ஒரு ரப்பர் பேண்டைக் கொடுத்துவிடுங்கள். முடிவில் பேண்ட் இல்லாமல் வருபவர் இன்னொரு சுற்று ஓட வேண்டியவர்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் புனல்போலக் குறுகும் கயிற்று வழி, ஒரே வரிசை. அதன் முனையில் வரிசை எண் எழுதிய அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பெயர் எழுதுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். ஹவுஸ் வாரியாகப் புள்ளி போடுவதென்றால், ஒவ்வொரு ஹவுஸிலும் முதல் நான்கு பேரின் இட எண்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி.

பக்கத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். அதில் மூன்று எண்கள்: புறப்பட்டவர், வந்தவர், இடையில் விலகியவர். 40 புறப்பட்டு 38 வந்து, 2 பேர் நான்காம் நம்பர் மார்ஷலிடம் இருந்தால் கணக்கு சரி. கணக்கு சரியாகாமல் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கக் கூடாது. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி. புறப்படும் எண்ணிக்கையை வருகைப் பதிவிலிருந்து எடுக்காதீர்கள், கோட்டில் நிற்கும் தலைகளை எண்ணுங்கள். பாட்டி வீட்டுப் பையன் விஷயத்தில் எங்களிடம் இல்லாமல் போனது இந்தப் பலகைதான்.

தண்ணீர்

2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் தேவையில்லை. 4 கிலோமீட்டருக்குச் சுற்று முடியும் இடத்தில் ஒரு மேசை போதும். அதைத் திருப்பத்தில் வைக்காதீர்கள், திருப்பம் தாண்டி முப்பது மீட்டரில், நேர்ப்பாதையில், ஒரே பக்கமாக வையுங்கள். டம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும். குடிப்பவர் ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போகட்டும், இரண்டு விநாடியில் ஒன்றும் கெட்டுவிடாது. ஓடிக்கொண்டே குடித்தால் புரை ஏறும்.

அளவு: ஆளுக்கு அரை லிட்டர் என்று வைத்தால் 180 பேருக்கு 90 லிட்டர், உதவிக்கு நிற்பவர்கள் முப்பது பேருக்கு 15 லிட்டர். 20 லிட்டர் கேன் ஆறு வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. சத்துணவுக் கூடத்து எவர்சில்வர் டம்ளர்களும், கழுவ இரண்டு வாளியும் இருந்தால் போதும். தலையிலும் முகத்திலும் ஊற்றிக்கொள்ளத் தனியாக ஒரு டிரம் தண்ணீர், கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அதையே குடித்துவிடுவார்கள்.

வெறும் வயிற்றோடு வருவதுதான் தண்ணீரைவிடப் பெரிய தொல்லை. விடியற்காலை ஓட்டம் என்றால் பாதிப் பிள்ளைகள் சாப்பிடாமல்தான் வருவார்கள். ஐந்தே முக்காலுக்குள் வரச் சொல்லி ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுங்கள்.

முதலுதவி

முடிவுக் கோட்டில் விழும் பிள்ளையும் பாதையில் விழும் பிள்ளையும் ஒன்றல்ல. இதை எல்லா மார்ஷல்களுக்கும் புரியவைக்க வேண்டும்.

ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் தலை சுற்றி விழுவது அடிக்கடி நடக்கும். ஓடும்போது காலுக்குப் போன ரத்தம் நின்றதும் அங்கேயே தேங்கிவிடுவதால் வருவது அது. பேசினால் பதில் தெளிவாக வரும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். இதைத் தவிர்க்கத்தான் புனல் வழியைத் தாண்டி நடக்கச் சொல்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தள்ளாடுவது, வழி தெரியாமல் திரும்புவது, பெயர் கேட்டால் உளறுவது, கோபப்படுவது, உடம்பு கொதிப்பது என்றால் அது வெப்பத்தாக்கு. ஜனவரிக் காலையிலும் வரலாம். முந்தின நாள் காய்ச்சலில் படுத்திருந்து, சொல்லாமல் ஓட வந்த பிள்ளைக்கு வரும். காய்ச்சல் இருந்தவர் ஓடக் கூடாது என்பதைக் கோட்டில் நிற்கவைத்து மறுபடியும் கேளுங்கள். வியர்வை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கில் வியர்வையும் இருக்கும்.

இதற்கு வண்டியைவிடக் குளிர்ந்த தண்ணீர் முந்த வேண்டும். 108க்குப் போன் போட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா இருக்காமல் அங்கேயே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ஒரு தார்ப்பாய், மீன் கடையில் கிடைக்கும் ஐஸ் பார் இரண்டு, நான்கு வாளித் தண்ணீர், இவ்வளவுதான் தேவை. ஐஸை உடைத்து தெர்மோகோல் பெட்டியில் வைத்திருங்கள். தார்ப்பாயில் பிள்ளையைப் படுக்கவைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டில்போலப் பிடித்து, தண்ணீரையும் ஐஸையும் கொட்டி அசைத்துக்கொண்டே இருங்கள். ஒருவர் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருக்க வேண்டும். உளறும் பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நடுக்கம் வந்து பேச்சு தெளிந்தால் நிறுத்தலாம். ஈரத்துணி போட்டு விசிறுவது ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவே.

மூன்றாவது அரிது, ஆனால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. ஓடும்போதே மரம்போலச் சாய்ந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கிறது. நெஞ்சின் நடுவில் இரு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த ஆரம்பிக்க வேண்டும். கை காலில் வரும் சின்ன உதறலைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைத் தேடப் போனால் பிள்ளை போய்விடும். ஒரு வாரம் முன்பு சுகாதார நிலையத்திலிருந்து யாரையாவது அழைத்து, மார்ஷல்கள் எல்லோரையும் தலையணையில் அழுத்திப் பழகவைத்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் ஏரிக்கரையில் ஏறினால் திரும்ப முடியாது. அது வந்து நிற்கும் இரண்டு இடங்களை முன்பே முடிவு செய்து, தார்ச்சாலையிலிருந்து பிரியும் முனையில் கைகாட்ட ஒருவரை நிறுத்துங்கள். ஓர் ஆசிரியரின் கார் வெளியே பார்த்தபடி, முன்னால் எதுவும் மறைக்காமல் நிற்கட்டும். மயங்கிய பிள்ளையை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஓட்டம் முடிந்த பிறகு

பரிசளிப்பு தொடங்கியதும் பெரியவர்கள் எல்லோரும் மேடைப் பக்கம் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வியர்வை, கண்ணெதிரே ஏரி. மதகு ஓரத்தில் நான்கு ஜோடிச் செருப்பு கிடப்பதை ஒரு வருடம் பார்த்தேன். ஓட்டத்தின்போது யாரும் தண்ணீரில் இறங்கவில்லை, முடிந்த பிறகு இறங்கிவிட்டார்கள். அதிலிருந்து மதகில் நிற்கும் இருவரும் கயிறும் கேனுமாகக் கடைசிப் பிள்ளை கரையை விட்டு இறங்கும்வரை அங்கேயே நிற்கிறார்கள். அவர்களுக்கான கடலை மிட்டாயும் டீயும் அங்கேயே போய்விடும்.